நோட்டீஸ் காலப் பணம்: 33,000 ரூபாய் என்று நினைத்தது 1,19,815 ஆன கதை

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் மென்பொருள் சேவை நிறுவனத்தில் நான்கரை ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சென்னையில் கிடைத்த வேலைக்காகச் சென்ற ஆண்டு விலகினேன். ஒப்பந்தப்படி நோட்டீஸ் காலம் 90 நாள். புதிய இடத்தில் 35 நாளுக்குள் சேரச் சொன்னதால், மீதி 55 நாளுக்குப் பணம் கட்டிவிட்டுப் போவதாக எழுதிக் கொடுத்தேன். பணி நியமனக் கடிதத்தில் ‘குறையும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் பிடிக்கப்படும்’ என்று தெளிவாகவே இருந்தது. என் அடிப்படைச் சம்பளம் 18,000. நாளுக்கு 600 வீதம் 55 நாளுக்கு 33,000 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு, அதற்கு மேல் யோசிக்காமல் இருந்தேன்.

கடைசி வேலை நாளுக்கு முந்தைய மாலை ஆறு மணிக்குக் கணக்குத் தாள் மின்னஞ்சலில் வந்தது. கட்ட வேண்டிய தொகை 1,19,815 ரூபாய். கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர் என்று மனிதவளப் பிரிவில் சொன்னார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் சென்னையில் சேர முடியாது. அப்பாவின் வைப்புத்தொகையை உடைத்து மறுநாளே கட்டிவிட்டேன். தாளை நிதானமாகப் பார்க்காமல் கட்டியது என் தவறு.

பிறகு மகாராஜநகரில் கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கும், எங்களுக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவரிடம் தாளைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “நாள காலண்டரப் பாத்து எண்ணியிருக்காவ, சம்பளத்த மட்டும் இருபத்தாறால வகுத்திருக்காவளே தம்பி, இது எந்த ஊர்க் கணக்கு?” என்று கேட்டார்.

அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுப்பது ஞாயிறுகளைக் கழித்த வேலை நாள் கணக்கு. அப்படி வகுத்தால் குறையும் நாட்களிலும் ஞாயிறுகளைக் கழித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். ஞாயிறுகளையும் சேர்த்து 55 என்று எண்ணினால் வகுக்கும் எண் 30 ஆக இருக்க வேண்டும். இவர்கள் மேலே ஒரு முறையையும் கீழே வேறொரு முறையையும் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது, 26-ஆல் வகுத்த தொகை அடிப்படைச் சம்பளமும் அல்ல, மொத்தச் சம்பளமான 44,000-மும் அல்ல, ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவாக, சி.டி.சி. என்று அவர்கள் காட்டும் 48,000. இடையிலுள்ள 4,000 ரூபாய் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவை. மாதச் சம்பளமாக என் கைக்கு ஒருபோதும் வராதவை. இதே தாளில், எடுக்காத 12 நாள் விடுப்புக்கு எனக்குத் தந்த பணத்தை மட்டும் அடிப்படைச் சம்பளத்தை வைத்து நாளுக்கு 600 என்றே போட்டிருந்தார்கள்.

மூன்றாவது, 1,01,538 ரூபாய்க்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., 18,277 ரூபாய். நோட்டீஸ் காலத்துக்குப் பிடிக்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதியிட்ட 178/10/2022-GST என்ற சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. அண்ணாச்சி அதை அச்செடுத்து, உரிய பத்தியில் பேனாவால் கோடு போட்டே கொடுத்தார்.

மூன்றையும் எழுதி அனுப்பி, இரண்டு முறை நினைவூட்டிய பின், வரிப் பணத்தைத் திருப்பினார்கள். அடுத்த மாதம், மொத்தச் சம்பளம் 44,000-ஐ 30-ஆல் வகுத்து 55 நாளுக்கு 80,667 என்று திருத்தி, இன்னும் 20,871 ரூபாய் அனுப்பினார்கள். ஆனால் அடிப்படைச் சம்பளத்துக்கு இறங்கி வரவில்லை. முந்தைய ஆண்டு நான் கையெழுத்திட்ட ஊதிய உயர்வுக் கடிதத்தின் கடைசி வரியில் ‘மற்ற நிபந்தனைகள் நடப்பு மனிதவளக் கொள்கைப்படி’ என்று இருந்ததாம்; அந்தக் கொள்கையில் அடிப்படைச் சம்பளம் என்பது மொத்தச் சம்பளமாக மாறியிருந்தது. அந்த உயர்வு மாதம் 1,500 ரூபாய். அந்த ஒரு வரியால் கூடுதலாகப் போனது 47,667.

வழக்குப் போடலாமா என்று கேட்டதற்கு, கையெழுத்து இருக்கும்போது இழுத்தடிக்கும், இந்தத் தொகைக்கு அலைச்சல்தான் மிஞ்சும் என்றார் அண்ணாச்சி, நானும் விட்டுவிட்டேன்.

விலக நினைப்பவர்கள் ராஜினாமா அனுப்புவதற்கு முன்பே நியமனக் கடிதத்தோடு, அதற்குப் பிறகு கையெழுத்திட்ட ஒவ்வொரு ஊதிய உயர்வுக் கடிதத்தையும், அது சுட்டும் கொள்கையையும் எடுத்துப் படித்துவிடுங்கள். அனுப்பிய அன்றே, எந்தச் சம்பளம், எந்த எண்ணால் வகுக்கப்படும், எத்தனை நாள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தொலைபேசியில் “வழக்கமான கணக்குதான் சார்” என்று மட்டும் சொன்னார்கள்.