பாய்லர் டிரம் லெவல் கன்ட்ரோல்: சிங்கிள் எலிமெண்டா, த்ரீ எலிமெண்டா?

நீராவித் தேவை திடீரென ஏறினால் டிரம் அழுத்தம் விழும், தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் உப்பும், உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும்போதே லெவல் மட்டும் மேலே போகும். இதுதான் ஸ்வெல். சிங்கிள் எலிமெண்டுக்கு லெவலைத் தவிர வேறெதுவும் தெரியாது, அதனால் அது ஃபீட் வால்வை மூடும், அதாவது தண்ணீர் அதிகம் வேண்டிய நேரத்தில் குறைக்கும். குமிழிகள் அடங்கியதும் லெவல் சரிந்து, லோ லெவல் டிரிப் வரை போகலாம்.

த்ரீ எலிமெண்ட் லெவலோடு நீராவி ஓட்டத்தையும் ஃபீட் ஓட்டத்தையும் பார்க்கும். அதனால் நீராவி ஓட்டம் ஏறியதுமே ஃபீட் ஓட்டத்தின் செட்பாயிண்டும் ஏறும், லெவல் கன்ட்ரோலர் மெதுவாகத் திருத்தினால் போதும்.

ஆனால் ஒன்று. குளிர்ந்த ஃபீட் தண்ணீரைக் கூட்டினாலும் லெவல் முதலில் இறங்கித்தான் ஏறும், இந்தத் தலைகீழ் தொடக்கத்தை எந்த அமைப்பாலும் நீக்க முடியாது. கெயினை ஏற்றினால் ஊசலாட்டம்தான், டெரிவேட்டிவும் தவறான திசையில் தள்ளும்.

சரி, சிங்கிள் எலிமெண்ட் எதற்கு? ஸ்டார்ட்அப்புக்கு. குறைந்த லோடில் ஆரிஃபிஸ் ஓட்ட அளவீட்டை நம்ப முடியாது, ஓட்டம் பாதியானால் டிஃபரன்ஷியல் பிரஷர் கால்வாசியாகிவிடும். லோடு சீராக இருக்கும் சிறிய பாய்லருக்கும் அதுவே போதும், மற்ற இடங்களில் நான் த்ரீ எலிமெண்ட்தான் போடுவேன்.