குடத்துக்கு எத்தனை லிட்டர்: சராசரி ஆரமா, வட்டுகளின் கூட்டலா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். வளைவரையை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் வரும் கன அளவைப் பற்றி நடத்தும்போது ஒரு பையன் கேட்டான்: "அக்கா, இன்னாத்துக்கு ஒவ்வொரு வட்டா கூட்டணும்? சராசரி ஆரம் எடுத்து ஒரே சிலிண்டரா போட்டா முடிஞ்சுதே?"

நல்ல கேள்வி. லாரித் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தையே எடுத்து வைத்து இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தோம்.

குடத்தின் உயரம் 30 செ.மீ. அடியிலிருந்து 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, தையல் டேப்பால் சுற்றளவு எடுத்து, 2π-ஆல் வகுத்து ஆரம் கண்டோம். கீழிருந்து மேலாக 7, 12, 14, 14, 11, 5, 6. கழுத்தில் 5, வாயில் 6.

முதலில் பையனின் வழி. இரு முனை ஆரங்களையும் பாதியாக எடுத்துக் கூட்டினால் 62.5. ஆறு இடைவெளிக்கு வகுத்தால் சராசரி ஆரம் ஏறக்குறைய 10.42. அதை வர்க்கமாக்கி, π-யாலும் 30-ஆலும் பெருக்கினால் 10.23 லிட்டர்.

வட்டு வழியில் குடத்தைக் கிடையாக வெட்டிய வட்டுகளின் அடுக்காகப் பார்க்கிறோம், ஒவ்வொரு ஆரத்தையும் முதலில் வர்க்கமாக்க வேண்டும்: 49, 144, 196, 196, 121, 25, 36. இங்கும் முனைகளைப் பாதியாக எடுத்துக் கூட்டினால் 724.5. தடிமன் 5-ஆலும் π-யாலும் பெருக்கினால் 11.38 லிட்டர்.

ஒரே டேப், ஒரே அளவுகள். ஆனாலும் ஒரு லிட்டருக்கு மேல் வித்தியாசம். வர்க்கத்தை எப்போது எடுத்தோம் என்பதுதான் காரணம். ஆரம் 14 இருக்கும் இடத்தில் ஒரு வட்டு கொள்ளும் தண்ணீர், ஆரம் 7 இருக்கும் இடத்தைப் போல நான்கு மடங்கு. சராசரி எடுக்கும்போது 14-உம் 7-உம் சமமாகக் கலந்து, வயிற்றுப் பகுதியின் கனம் தேய்ந்து போகிறது. எனவே அந்த வழி எப்போதும் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. கூம்பில் பாருங்கள்: சராசரி ஆரம் R/2, கிடைப்பது πR²h/4. உண்மை πR²h/3. கால் பங்கு காணாமல் போகிறது. நேரான பிவிசி குழாய் என்றால் இரண்டு வழியும் ஒன்றுதான். ஆரம் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அவ்வளவு விலகும்.

ஆகவே என் ஓட்டு வட்டு வழிக்கு, அதாவது V = π∫ r² dx-க்குத்தான். ஆனால் வட்டு வழியிலும் ஒரு குழி இருக்கிறது. ஒரு பெண் கோடுகளைக் குடத்தின் மேல்பரப்பை ஒட்டி 5 செ.மீ. வைத்துப் போட்டிருந்தாள். தோள்பட்டையில் ஆரம் 11-லிருந்து 5-க்கு இறங்குகிறது. அங்கே உயரம் 5 ஏறும்போது பரப்பு 7.8 நீள்கிறது. dx என்பது அச்சின் மேல் எடுக்கும் தடிமன். ஸ்கேலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, அதிலிருந்து குடத்துக்குக் கிடையாகப் பார்த்துத்தான் கோடு போட வேண்டும். தப்பைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: இடைவெளிகளைக் கூட்டினால் 30 வரவேண்டும், அவளுக்கு 36 வந்தது.

"அப்ப அந்தச் சரிவு ஓரம் வுட்டுப் போவாதாக்கா?" என்று கேட்டாள். ஒவ்வொரு வட்டின் ஓரத்திலும் ஒரு சின்ன முக்கோண வளையம் மிஞ்சும்தான். தடிமனைப் பாதியாக்கினால் அந்த முக்கோணம் ஏறக்குறைய கால்வாசியாகிறது, வட்டுகளின் எண்ணிக்கையோ இரண்டே மடங்கு. மொத்த மிச்சம் பாதியாகிக்கொண்டே போய் மறைந்துவிடும். மேல்பரப்பின் பரப்பளவு கேட்டால்தான் சரிவு நீளம் வேண்டும்.

பிறகு ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்தோம். பதினொன்று போனபின் கொஞ்சம்தான் இடமிருந்தது, பன்னிரண்டாவதில் பெரும்பகுதி மிஞ்சியது. 11.38 அல்ல. டேப் வெளிப்பக்கம் சுற்றியதுதான் காரணம், பிளாஸ்டிக்கின் தடிமனும் கணக்கில் சேர்ந்துவிட்டது. தடிமன் 1.5 மி.மீ. என்று எடுத்து, உள் ஆரம் r-க்கும் வெளி ஆரம் R-க்கும் π∫ (R² − r²) dx போட்டால் சுமார் 0.29 லிட்டர். கழித்தால் 11.09.

இந்த இடத்தில் பாதிப் பேர் (R − r)² என்று எழுதினார்கள். அப்படிப் போட்டால் முழுக் குடத்தின் பிளாஸ்டிக்கும் இரண்டே மில்லி. குடத்தைக் கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னேன், அவர்களே அடித்துத் திருத்திக்கொண்டார்கள்.