இரட்டிப்பான மின்கட்டணம்: காரணத்தைக் காட்டித் தருவது எந்த மீட்டர்?

2023 தொடக்கத்தில் இரு மாதக் கணக்குக்கு 1,035 ரூபாய் கட்டிய எங்கள் வீட்டுக்கு, அடுத்த கணக்கில் 2,070 ரூபாய் வந்தது. கட்டணம் சரியாக இரண்டு மடங்கு ஆகியிருந்தாலும், யூனிட் 380-இலிருந்து 515 ஆகத்தான் உயர்ந்திருந்தது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து அப்போது இருந்த தமிழ்நாட்டுக் கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் 2.25 ரூபாய்க்குக் கிடைத்தன. தாண்டிவிட்டால் அவையும் 4.50 ரூபாய் ஆனதோடு, 500-க்கு மேற்பட்டவை 8 ரூபாயில் தொடங்கின. ஆகவே நான் தேட வேண்டியிருந்தது 135 யூனிட்டை மட்டுமே; அதாவது ஒரு நாளைக்கு இரண்டேகால் யூனிட்.

கணக்கீட்டாளர் தாமதமாக வந்தாலும் யூனிட் கூடும் என்பதால், முதலில் அட்டையில் இருந்த இரு தேதிகளைப் பார்த்தேன். இடைவெளி 60 நாள்தான். முந்தைய ஆண்டு அதே பருவத்தில் 385 யூனிட் பதிவாகியிருந்ததால், வெயிலையும் குறை சொல்ல முடியவில்லை. இனி, வீட்டுக்குள் தேடுவதற்கு இருக்கும் மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழிக்குச் செலவே இல்லை. மின்னணு மீட்டரின் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். அதன் அருகில் 3200 imp/kWh என்பது போல எழுதியிருந்தால், 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அது மின்னிக்கொண்டிருந்தால், கோளாறு மீட்டரிலோ மெயினுக்கு முந்தைய வயரிலோ இருக்கலாம். அப்போது மின்வாரிய அலுவலகத்தில் மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுப்பதே வழி. எங்கள் வீட்டில் அது நின்றுவிட்டது. பின்னர் மெயினைப் போட்டு, ஒவ்வோர் இணைப்புக்கும் தனி சுவிட்சாக உள்ள எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது, சமையலறை இணைப்பில் மட்டும் நிமிடத்துக்கு எட்டு முறை மின்னியது. மணிக்கு 480 முறை, அதாவது 150 வாட். அந்த இணைப்பில் அப்போது ஓடியது பதினான்கு வயதான பிரிட்ஜ் ஒன்றுதான்.

ஆனால் இந்த வழி அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். கம்ப்ரசர் ஓய்ந்திருக்கும் நேரத்தில் எண்ணினால் பிரிட்ஜ் குற்றமற்றதாகத் தெரியும். ஓடும்போது எண்ணினாலோ, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓய்கிறது என்பது தெரியாது. இங்கேதான் இரண்டாவது வழியான பிளக் மீட்டர் வெல்கிறது. சுவர் சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் அதைச் செருகி, வழக்கம்போலக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு ஒரு முழு நாள் விட வேண்டும். எங்கள் பிரிட்ஜ் 24 மணி நேரத்தில் 3.45 யூனிட் எடுத்திருந்தது. 150 வாட் கம்ப்ரசர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட்தான் ஆகும். எங்களுடையது 23 மணி நேரம் ஓடியிருக்கிறது. இந்த வித்தியாசம்தான் நான் தேடிய இரண்டேகால் யூனிட்!

மூன்றாவது, எலக்ட்ரீஷியன்கள் கையில் இருக்கும் கிளாம்ப் மீட்டர். பிரிட்ஜைப் பொறுத்தவரை இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இது காட்டுவது ஆம்பியரை மட்டுமே. அதை 230-ஆல் பெருக்கினால், கம்ப்ரசர் போன்ற மோட்டார்களுக்கு உண்மையான வாட்டைவிடக் கணிசமாகக் கூடுதலான எண் வந்து, நல்ல பிரிட்ஜையும் விற்கத் தோன்றும். பிளக் இல்லாத போர்வெல் மோட்டாருக்கும் நேரடியாக வயர் கொடுத்த கீசருக்கும் இது பயன்படும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வும்போது எண் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

ஆகவே என் தேர்வு, விளக்கை எண்ணி இணைப்பைக் கண்டுபிடித்து, பிளக் மீட்டரால் உறுதி செய்வது. ஓயாமல் ஓடியதன் காரணத்தை ஒரு பத்து ரூபாய்த் தாள் காட்டிக் கொடுத்தது. கதவில் வைத்து மூடி இழுத்தபோது, கீழ் மூலையில் அது எந்தத் தடையும் இல்லாமல் வெளியே வந்தது. அங்கே ரப்பர் இறுகி வளைந்திருந்தது. ரப்பரை மாற்றிய பின் அதே பிளக் மீட்டர் ஒரு நாளுக்கு 1.9 யூனிட் காட்டியது. 1.2-க்கு அது இறங்கவில்லை. மீதி வயதின் கோளாறு. இருந்தாலும் 60 நாளில் 93 யூனிட் குறைந்தால் கணக்கு 422-இல் நிற்கும். அன்றைய கட்டணப்படி 1,257 ரூபாய். ரப்பர் மாற்றியும் இறங்காமல், உள்ளே குளிரும் குறைவாக இருந்திருந்தால், கேஸ் கசிவு என்று எண்ணி வேறு பிரிட்ஜ் பார்த்திருப்பேன். அப்படி வாங்குவோர் பழையதை மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் பாட்டில்களுக்காக ஓட விட்டால், மிச்சமாகும் யூனிட் அங்கிருந்து மீண்டும் ஏறும்.