இலவச ஸ்டிக்கர் ஆப்: வீட்டுப் படங்களைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சொந்தப் படங்களை வைத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் செய்ய ஒரு இலவச ஆப்பை இறக்கினேன். என் தங்கை மகள் அழும் முகம் இப்போது முன்பின் தெரியாதவர்களின் போனில் ஸ்டிக்கராக இருக்கிறது. அதோடு வாரா வாரம் பணமும் எடுத்தார்கள். ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அமைப்பில் ஏராளமான ஆப்கள் இருக்கின்றன, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருகின்றன. அதனால் அது வேலை செய்யும் விதத்தையே சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஸ்டிக்கர். அப்பா புருவத்தை உயர்த்திப் பார்க்கும் படம், கீழே "அப்படியா?" என்று ஒரு வரி, குடும்ப குரூப்புக்காக. ஆனால் வெளி ஆப்களிலிருந்து வாட்ஸ்அப்பில் சேரும் தொகுப்பில் குறைந்தது 3 ஸ்டிக்கர்களாவது இருக்க வேண்டும் என்பது விதி. "இன்னும் இரண்டு சேருங்கள்" என்று ஆப் கேட்டது. குழந்தையின் படம் உள்ளே போனது இப்படித்தான். தொகுப்புக்கு "எங்க வீட்டு முகங்கள்" என்று பெயர் வைத்தேன். சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் தொகுப்பு வாட்ஸ்அப்பில் சேர்ந்துவிட்டது. அதே அழுத்தத்தில் ஆப்பின் பொதுக் காட்சிப் பக்கத்திலும் அது ஏறியிருக்கிறது. பொதுவில் வைக்கலாமா என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. பொதுவில் வைக்கும் பொத்தான் அமைப்புகளுக்குள் எங்கோ ஆழத்தில், ஏற்கெனவே இயக்கிவைத்த நிலையில் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அலுவலக குரூப்பில் ஒருவர், வேலை அதிகம் என்று புலம்பி ஒரு ஸ்டிக்கர் போட்டார். பார்த்தால் எங்கள் வீட்டுக் குழந்தை. அவருக்கு வேறொரு குரூப்பிலிருந்து வந்ததாம், யார் குழந்தை என்றே அவருக்குத் தெரியாது. ஸ்டிக்கரைத் தொட்டுப் பார்த்தேன். நான் தட்டிய அதே தொகுப்புப் பெயர், வெளியிட்டவர் என்ற இடத்தில் அந்த ஆப்பின் பெயர். ஸ்டிக்கர் கோப்புக்குள்ளேயே இந்த விவரங்கள் எழுதப்பட்டிருக்கும், அது எத்தனை கை மாறினாலும் கூடவே போகும். உங்கள் வீட்டுப் படம் எங்காவது தென்பட்டால் எந்த ஆப் வழியாக வெளியே போனது என்று கண்டுபிடிக்க இதுதான் வழி.

ஆப்காரர்களுக்கு எழுதினேன். தொகுப்பைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டதாக ஒரு வரியில் பதில் வந்தது. எடுத்தார்கள்தான். ஆனால் ஏற்கெனவே வாங்கிச் சேமித்தவர்களின் போனிலிருந்து அதை யாராலும் அழிக்க முடியாது. என் தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேதனைக்கு ஆப்காரர்களிடம் எந்தப் பதிலும் இல்லை.

பணம் போன கதை இன்னொன்று. பின்னணியை வெட்டும் வசதிக்கு "3 நாள் இலவசம்" என்று பெரிய எழுத்து. அதன் கீழே மங்கலான சாம்பல் நிறத்தில், பிறகு வாரச் சந்தா தானாகத் தொடரும் என்று பொடி எழுத்து. திரையை மூடும் பெருக்கல் குறி சில நொடிகள் கழித்துத்தான் தோன்றும். ஆப்பை போனிலிருந்து நீக்கிய பிறகும் பணம் போய்க்கொண்டே இருந்தது, ஏனென்றால் சந்தா இருப்பது ஆப்பில் அல்ல, உங்கள் ஆப் கடைக் கணக்கில். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அப்புறம் Subscriptions போய் அங்கே ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் Settings, மேலே உங்கள் பெயர், Subscriptions. இலவச நாள் முடிவதற்கு ஒரு நாள் முன்பே இதைச் செய்துவிடுங்கள், கடைசி மணி நேரத்தில் ரத்து செய்தால் அதற்குள் அடுத்த தவணை எடுக்கப்பட்டிருக்கலாம். பணம் திரும்பக் கேட்பதென்றால் கடை வழியாகத்தான் கேட்க வேண்டும், அதுவும் பார்த்தவுடனேயே.

இத்தனைக்கும் இந்த வேலைக்குத் தனி ஆப்பே தேவையில்லை. வாட்ஸ்அப்பிலேயே ஸ்டிக்கர் பகுதியில் புதிதாக உருவாக்கும் பொத்தான் இருக்கிறது. படத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆளை மட்டும் தனியாக வெட்டித் தரும், மேலே எழுத்தும் சேர்க்கலாம். ஒரே ஒரு ஸ்டிக்கர் போதும் என்றால் ஒன்றே செய்யலாம், மூன்று கணக்கு இங்கே இல்லை. ஐபோனில் iOS 17 முதல், போட்டோவில் இருக்கும் ஆளை அழுத்திப் பிடித்தாலே Add Sticker என்று வரும்.

வெட்டு சுத்தமாக வர, முகம் பெரிதாக, பின்னணியிலிருந்து நிறத்தில் விலகி நிற்கும் படமாக எடுங்கள். கறுப்புத் திரைக்கு முன்னால் கருங்கூந்தல் என்றால் தலை பாதி காணாமல் போகும். ஸ்டிக்கர் 512 பிக்சல் சதுரம்தான், அரட்டையில் அதையும் சிறிதாக்கித்தான் பார்ப்போம். அதனால் எழுத்து இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போனால் படிக்க முடியாது.

வேறு ஆப்தான் வேண்டும் என்பவர்கள் முதலில் குழந்தை இல்லாத, யாரும் இல்லாத ஒரு படத்தை வைத்துச் சோதியுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்னணியை வெட்டச் சொல்லுங்கள். வேலை நடந்தால் வெட்டுவது உங்கள் போனிலேயே நடக்கிறது. சுற்றிக்கொண்டே நின்றால், படம் அவர்களுடைய சர்வருக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த இடமும் நேரமும் பதிந்த அசல் படமாகவே அது போகலாம். அனுமதி கேட்கும்போது மொத்த ஆல்பத்தையும் கொடுக்காதீர்கள். ஐபோனில் iOS 14 முதலும் ஆண்ட்ராய்டு 14 முதலும் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்ட முடியும். அதை ஏற்காமல் எல்லாப் படமும் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஸ்டிக்கர் ஆப்புக்கு அதற்கான தொழில் காரணம் எதுவும் கிடையாது.

அந்த ஆப்பில் அசையும் படம் தேடும் பொத்தானும் இருந்தது. "nandri" என்று தேடினால் ஒரு படம், அதைச் சுற்றி நான்கு இடத்தில் பச்சை நிற Download. ஒன்றைத் தொட்டபோது படம் வரவில்லை, .apk என்று முடியும் கோப்பு இறங்கத் தொடங்கியது. உடனே நிறுத்தி அழித்தேன். அசையும் படம் என்றால் கோப்பு .gif, .webp அல்லது .mp4 என்று முடியும். .apk என்பது ஆப், அது உங்கள் போனில் குடியேறப் பார்க்கிறது.

அரட்டைக்குள்ளேயே இருக்கும் ஜிஃப் தேடலில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அங்கே கிடைப்பது, படத்தை ஏற்றியவர் என்ன குறிச்சொல் போட்டாரோ அதைப் பொறுத்தது. நீள வாக்கியம் அங்கே உதவாது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஒரு முறை, அதே உணர்ச்சியை ஆங்கிலச் சொல்லில் ஒரு முறை தேடுங்கள். "happy" என்ற ஒற்றைச் சொல்லில் என்னவெல்லாமோ வரும், "happy baby dance" என்றால் வேண்டியது சீக்கிரம் அகப்படும். தேர்ந்தெடுத்த பின், அனுப்புவதற்கு முன் ஒரு முழுச் சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். சிறு கட்டத்தில் தெரியாத வசை வரி கடைசி நொடியில் வந்து நிற்பது உண்டு, பெரியவர்கள் இருக்கும் குரூப்பில் அதைத் திரும்ப எடுப்பதற்குள் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள்.