செக் திரும்பிய பிறகு துண்டுப் பணம் அனுப்பினால் உஷார்!

ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சரக்கு. வாங்கியவர் பல வருஷ வாடிக்கை. "நம்ம கணக்குல பணம் எப்பவும் இருக்கும்ணே, தைரியமா போடுங்க" என்று ஜனவரி 5 தேதியிட்ட செக்கைக் கையில் கொடுத்தார். நம்பிப் போட்டால், 'போதிய பணம் இல்லை' என்ற பேங்க் மெமோ ஜனவரி 9-ல் வந்தது.

கேட்டால், "திங்கட்கிழமை திரும்பப் போடுங்க". திங்கட்கிழமை, "பார்ட்டி பணம் வரல, ரெண்டு நாள் பொறுங்க". அப்புறம், "வீட்ல விசேஷம், முடியட்டும்". பிப்ரவரி தொடக்கத்தில் தானாகவே நாற்பதாயிரம் அனுப்பி, "மீதியும் சீக்கிரம் வந்துடும்ணே" என்றார். பிப்ரவரி 8 தாண்டியதும் போனையே எடுக்கவில்லை.

அந்தத் தேதிதான் விஷயமே. மெமோ கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பினால்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்குப் போட முடியும். போன் பேச்சும் நினைவூட்டலும் அந்த 30 நாள் கணக்கை ஒருநாள்கூட நிறுத்தாது.

செக் தேதியிலிருந்து மூன்று மாதம் வரை திரும்பப் போடலாம். மறுபடி திரும்பினால் புது மெமோவிலிருந்து புது 30 நாள் கிடைக்கும். அந்த வழியைத்தான் நாற்பதாயிரம் அடைத்தது. பாக்கி ரெண்டு லட்சம்தான், செக்கிலோ ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம். பேங்கில் போடும் நாளில் உள்ள கடனைவிடச் செக் தொகை அதிகமாக இருந்தால், வந்த பணத்தைச் செக்கிலேயே குறிக்காதவரை 138 பொருந்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்லெண்ணம் மாதிரி வந்த பணம், ரெண்டு லட்சத்துக்கு வைத்த பூட்டு!

சிவில் வழக்குக்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் கோர்ட் கட்டணம் கட்டித் தீர்ப்பு வாங்கினாலும், ஜப்தி செய்ய அவர் பேரில் சொத்து இருக்க வேண்டும். முதலில் அதை விசாரியுங்கள். கடை வாடகை, சரக்கு எல்லாம் கடன், கணக்கும் மூடியாச்சு என்றால் மேற்கொண்டு வக்கீல் பீஸ் கட்டாதீர்கள். ரெண்டு லட்சத்தோடு அதுவும் போகும்.

அவசரமாகச் சொல்வது இதுதான். மெமோ வந்த வாரமே வக்கீலிடம் போங்கள். நோட்டீஸில் செக் தொகையை அப்படியே கேட்கச் சொல்லுங்கள், வட்டியைத் தனியாகக் காட்டட்டும். ஸ்பீட் போஸ்டில் டெலிவரி அத்தாட்சியோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கோர்ட்டில் இருக்க வேண்டும். துண்டுப் பணம் தந்தால், மீதிக்குப் புதுச் செக் கைக்கு வராமல் பழசைத் திருப்பித் தராதீர்கள்.