மைனிங்கில் ஓடிய 3080: இரண்டரை வருடம் கழித்து

"அண்ணா, பழைய 3080 ஒண்ணு சல்லிசா வருது. மைனிங் கார்டுன்னு சொல்றாங்க, வாங்கலாமா?" போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவன் கேட்டான். அன்று காலையில்தான் என் 3080 கிராபிக்ஸ் கார்டின் இரண்டாவது ஃபேனும் கரகரக்கத் தொடங்கியிருந்தது. அந்த எரிச்சலோடு பதில் சொல்லிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளைக் கணக்குப் போடவைத்துக் காசு ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும், அதற்காக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. 2023 பிப்ரவரியில் 36,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். விற்றவர் "கேமிங் மட்டும்தான் சார்" என்றார். கடையிலேயே பத்து நிமிடம் கேம் ஓட்டிப் பார்த்தேன். சிப்பின் சூடு 64 டிகிரி, படத்தில் ஒரு புள்ளி பிசகில்லை. திருப்தியோடு வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அரை மணி நேரம் தொடர்ந்து ஆடியபோதுதான் வேஷம் கலைந்தது. சிப் 70 டிகிரியில் நிற்க, ஃபேன்கள் மட்டும் மிக்ஸி போல அலறின. சூட்டைக் காட்டும் HWiNFO மென்பொருளைத் திறந்து, மெமரியின் சூட்டைச் சொல்லும் `GPU Memory Junction Temperature` என்ற வரியைப் பார்த்தேன்: 108. அது 110-ஐத் தொட்டால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். கேம் திக்கித் திக்கி ஓடியது அதனால்தான்.

மைனிங் எதைத் தேய்க்கிறது என்பதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். எத்திரியம் மைனிங்கில் பெரும்பாடு படுவது மெமரி. மின்செலவை மிச்சப்படுத்த சிப்பின் வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துவிட்டு, மெமரியை மட்டும் விரட்டுவார்கள். இரவு பகலாக ஒரே சூட்டில் இருப்பதால், சூடேறி ஆறி, சூடேறி ஆறி சாலிடர் விரிசல் விடும் தொல்லையும் சிப்புக்குக் குறைவு. ஆக, சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மெமரியின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேடும், நிற்காமல் சுழன்ற ஃபேனின் பேரிங்கும்தான் பலியாகும். 3080-இல் உள்ள GDDR6X வகை மெமரி இயல்பிலேயே அதிகம் சூடாகும் என்பதால் பாதிப்பும் அதிகம்.

கார்டைப் பிரித்தபோது பேடுகள் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தன. அவற்றிலிருந்து கசிந்த எண்ணெய் போர்டு முழுக்கப் படிந்திருந்தது. "கேமிங் மட்டும்தான்" என்றவரின் முகம் அப்போது கண்முன் வந்தது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

சர்வீஸ் கடையில் பேட் மாற்றினார்கள். மெமரி 86-க்கு இறங்கியது. ஆனால் சிப்பின் மிகச் சூடான புள்ளியைக் காட்டும் `GPU Hot Spot` 105-க்கு ஏறிவிட்டது, சிப்பின் சராசரிச் சூடு 78. இரண்டுக்கும் 27 டிகிரி இடைவெளி. அது 10 முதல் 15-க்குள் இருப்பதுதான் வழக்கம். காரணம் எளிது. 1.5 மில்லிமீட்டர் பேட் இருந்த இடத்தில் 2 மில்லிமீட்டர் பேடை ஒட்டியிருந்தார்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் கூடியதில் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு, சிப்பின் மேல் சரியாக அமரவில்லை. மறுபடியும் பிரித்து, சரியான அளவில் ஒட்டி, பேஸ்ட்டும் புதிதாகப் போட்ட பிறகு மெமரி 84, இடைவெளி 12. பேட் தடிமன் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலின் அளவை உறுதிசெய்யாமல் யாரையும் ஒட்டவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு இந்தக் கார்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1440பி திரையில் நான் ஆடும் எல்லாவற்றையும் உயர்ந்த செட்டிங்கில் ஓட்டுகிறது. ஒரு முறைகூடத் திரை கருக்கவில்லை, கோடு விழவில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு ஃபேன் போனது, மாற்றினேன். இப்போது அடுத்தது. இரண்டு முறை பேட், பேஸ்ட், ஃபேன், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்கு மேல் போய்விட்டது. அந்த 36,000 உண்மையில் 43,000.

இவ்வளவு உழைத்த கார்டுதான். ஆனாலும் தம்பியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சிப்பைப் பற்றிய பயமில்லை. அந்த மெமரி எத்தனை மாதம் 100 டிகிரிக்கு மேல் வெந்தது என்பதை எந்த மென்பொருளும் காட்டாது. பேடையும் ஃபேனையும் மாற்றலாம். மெமரி சிப் போனால் அந்த வேலையைச் சரியாகச் செய்கிறவர் கிடைப்பதே அரிது, கார்டுக்கு வாரண்டியும் இருக்காது. கழற்றி மாட்டத் தெரியாத அவனுக்கு இந்தத் தலைவலி எதற்கு?

அவன் கேட்கிறபாடில்லை, சனிக்கிழமை பார்க்கப் போகிறானாம். சரி, பென்டிரைவில் HWiNFO-வும், கார்டைச் சோதிக்கும் OCCT மென்பொருளும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். OCCT-யில் மெமரிச் சோதனை ஓடினால் பிழை பூஜ்யமாக இருக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் கேம் ஓட்டினால் மெமரி 100-ஐத் தாண்டக் கூடாது. கையால் ஃபேனைச் சுற்றிப் பார்க்கவும், போர்டின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன். "அரை மணி நேரமெல்லாம் ஓட்ட முடியாது தம்பி" என்று கடைக்காரர் சொன்னால், மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்துவிட வேண்டும்.