கேட்ட விலைக்கே இறங்கி வந்தார்கள், அப்புறம் பில்லில் ஏற்றினார்கள்: பழைய கார் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய கார் விற்கும் ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கணக்கு எளிதாகப் புரிய, அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்த விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாத் தொகையும் அதே அளவில்.

விளம்பரத்தோடு ஓர் ஆய்வறிக்கையும் இருந்தது. பக்கம் பக்கமாகப் பச்சைக் குறிகள், கடைசியில் "விபத்து இல்லை, இன்ஜின் நல்ல நிலை" என்ற வரி. அந்த அறிக்கையைத் தயாரித்தது கடையேதான். விற்பவர் தன் சரக்கைப் பற்றித் தானே எழுதிய தாளை வைத்து விலை பேச முடியாது என்பதால், காரைப் பார்க்கப் போகும் முன்பே என் பக்கக் கணக்கைத் தொடங்கிவிட்டேன்.

முதல் வேலை, அதே போன்ற கார்கள் என்ன விலைக்கு விளம்பரத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது. மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. வருடம், இன்ஜின், கியர்பாக்ஸ், வேரியன்ட் நான்கும் பொருந்த வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்களை ஒதுக்கினேன். ஒரே காரை இரண்டு பேர் வெவ்வேறு விலையில் போட்டிருந்தார்கள். படத்தில் பின் பம்பரில் இருந்த அதே கீறல் காட்டிக்கொடுத்தது, அதில் ஒன்றை எடுத்துவிட்டேன். மற்றவற்றைவிட மிகக் குறைவாக இருந்த ஒன்றுக்கு அழைத்தபோது, "அது போய்விட்டது, வேறு கார் காட்டுகிறோம்" என்றார்கள். இப்படித் தூண்டிலாகப் போடும் விலை கணக்கில் சேரக் கூடாது. மிஞ்சியவை 99, 96, 95, 93, 90. இதில் சராசரியைவிட நடு விலையை எடுப்பது நல்லது, ஓரத்தில் இருக்கும் ஒரு விலை மொத்தத்தையும் இழுத்துவிடாது. நடு விலை 95.

நான் பார்க்கும் கார் மற்றவற்றைவிடச் சுமார் 20,000 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது. அதற்கு எவ்வளவு கழிப்பது? அந்தப் பட்டியலே பதில் சொல்லும். மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போய், ஓடிய தூரத்தில் மட்டும் மாறுபடும் இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தைப் பாருங்கள். எனக்குக் கிடைத்தது 2. ஆக 93. அடுத்தது, விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல. சில வாரங்களாக விற்காமல் கிடந்த ஒரு கார் 95-இலிருந்து 92-க்கு இறங்கி, அதன் பிறகுதான் பட்டியலிலிருந்து காணாமல் போனது. அந்த 3-ஐயும் கழித்தேன். இவ்வளவு ஓடிய, குறையில்லாத ஒரு கார் 90 பெறும் என்று முடிவுக்கு வந்தேன்.

பிறகு என் மெக்கானிக்கோடு போனேன். "இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள், நாங்கள் வந்து ஸ்டார்ட் செய்கிறோம்" என்று முன்பே சொல்லியிருந்தேன். போய் பானெட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பு. "இடம் மாற்றி நிறுத்தினோம் சார்" என்றார் விற்பனையாளர். ஆறிய இன்ஜினில்தான் ஸ்டார்ட் ஆகத் திணறுவது, முதல் சில நொடிகளின் சத்தம், புகை எல்லாம் தெரியும். அது ஆறும் வரை மற்றவற்றைப் பார்த்தோம்.

பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை ஒவ்வொரு பாகத்திலும் வைத்தார் மெக்கானிக். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அந்தக் காரில் கூரை, இடது பக்கம், பின் கதவு எல்லாம் 110, 120 என்று வந்தன. வலது முன் ஃபெண்டரில் 320. அதை ஒட்டிய கதவின் கீழ்ப்பகுதியில் 700-ஐத் தாண்டியது. 300 என்றால் மறுபடியும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். 700 வந்தால் உள்ளே பட்டி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். (பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி எதுவும் காட்டாது. பம்பரை அளந்து காட்டி "சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட தடம், பெயிண்ட் உரிந்திருந்தது. உள்ளே முன்பக்கச் சட்டத்தையும் அதன் வெல்டிங் புள்ளிகளையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். அவை கை படாமல் இருந்தன. அந்தச் சட்டம் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தாலோ, ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணையாமல் இருந்தாலோ, காரில் பொறித்த 17 எழுத்து எண்ணும் ஆவணத்தில் உள்ளதும் பொருந்தாவிட்டாலோ விலை பேசவே கூடாது. அவற்றுக்குக் கழிவு போட்டு வாங்குவதற்கு எந்த விலையும் இல்லை.

அடுத்து, காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர். எனக்கு மிகவும் கோபம் வந்தது இங்கேதான். பிழை எதுவும் இல்லை, டேஷ்போர்டில் விளக்கும் இல்லை. ஆனால் மெக்கானிக் அத்தோடு விடவில்லை. பிழைகளை அழித்த பிறகு கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்ற பதிவை எடுத்தார். 4 கிலோமீட்டர். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிடிக் கன்வெர்டருக்கான சுயசோதனை "இன்னும் முடியவில்லை" என்று காட்டியது. பல புதிய கார்களில் நிரந்தரப் பிழை என்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு. ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. கார் தானே சோதித்து, கோளாறு இல்லை என்று கண்டால்தான் நீங்கும். அதைத் திறந்தால் P0420 உட்கார்ந்திருந்தது. கன்வெர்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான குறியீடு அது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

P0420 வந்தாலே கன்வெர்டர் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. புகைக்குழாயில் ஒழுகல் இருந்தாலும், பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் இதே குறியீடு வரலாம். சென்சார் என்றால் செலவு 1, கன்வெர்டர் என்றால் 5. எது என்று கண்டறிய ஒரு வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன், சோதனைச் செலவை நானே தருவதாகவும் சொன்னேன். மறுத்துவிட்டார்கள். சோதிக்க விடாத சந்தேகத்துக்கு முழுத் தொகையையும் கழிப்பதுதான் நியாயம் என்று 5 போட்டேன்.

டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. இந்தக் காரின் நான்கு டயரும் மாற்ற வேண்டிய வயதில் இருந்தன. புது டயர் செட்டுக்கு 4 ஆகும், ஆனால் நான் 2 மட்டும் கழித்தேன். ஒப்பிட்ட மற்ற கார்களிலும் பாதி தேய்ந்த டயர்தானே இருக்கும்? 90 என்ற விலையிலேயே அந்தத் தேய்மானம் அடங்கிவிட்டது. முழுவதையும் கழித்தால் ஒரே குறையை இரண்டு முறை கழித்ததாகிவிடும்; விற்பவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கணக்கையும் தள்ளிவிடுவார். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை, கெடுவும் தாண்டியிருந்தது, அதற்கு முழுதாக 2. பெயிண்டும் பட்டியும் இருப்பதால் நாளை நான் விற்கும்போது விலை இறங்கும், எதைச் செலவழித்தாலும் அந்தக் கறை போகாது, அதற்கு 4.

மொத்தக் கழிவு 13. 90-இல் போக 77. கடையில் கொடுக்கும் எல்லாம் சேர்த்து 77, அதற்கு மேல் ஒன்று கூடினாலும் எழுந்து வந்துவிடுவது என்று தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

விற்பனையாளர் 94-இல் தொடங்கினார். கண்டுபிடித்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னதும் 86 என்றார். "வேறு ஒருவர் சாயங்காலம் வருகிறார்" என்றார். நான் எழுந்தேன். வாசல் வரை வந்தவர், உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு, "சரி சார், 77, எல்லாம் சேர்த்துத்தான்" என்றார். 3 அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீதில் "கார் விலை 77" என்று எழுதினார். "எல்லாம் சேர்த்து" என்று வாயால் சொன்னது ரசீதில் வரவில்லை.

கையெழுத்துப் போடப் போனபோது வந்த பில்லில் முதல் வரி 77 சரியாகத்தான் இருந்தது. அதன் கீழே காரைத் தயார்படுத்திய கட்டணம் 2, ஆவண வேலைக்கு 1, கட்டாய வாரண்டி 5. கூடவே, 77 என்பது அவர்கள் மூலம் கடன் எடுப்பவர்களுக்கான விலையாம், முழுத்தொகையாகக் கட்டினால் இன்னும் 3. மொத்தம் 88. குறை சொல்லிக் குறைத்த 13-இல் 11-ஐ அவர்கள் வேறு பெயரில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வாரண்டித் தாளைப் புரட்டினால் புகை வெளியேற்றும் பாகங்கள் அதில் சேராது என்று இருந்தது. எந்தப் பாகத்துக்காகப் பயந்தேனோ அதற்கே அது உதவாது.

எந்த வரியும் எடுக்க முடியாது, "எல்லாருக்கும் இதுதான்" என்றார் மேலாளர். வேண்டாம் என்றேன். அப்போதுதான் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: வாங்குபவர் விலகினால் அட்வான்ஸ் திரும்பாது. பில்லையும் ரசீதையும் ஸ்கேனர் திரையின் படத்தையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுத்தேன். ஒப்புக்கொண்ட விலையை மாற்றியது நீங்கள், விலகியது நானல்ல என்று விளக்கினேன். இழுத்தடித்து 2 மட்டும் திருப்பித் தந்தார்கள். மீதி 1 போனது போனதுதான்.

எனவே விலை ஒத்துப்போன நிமிடத்திலேயே, அட்வான்ஸ் கை மாறும் முன், ரசீதின் முன்பக்கத்தில் இரண்டு வரி கேளுங்கள். "எல்லாக் கட்டணமும் உட்பட, எந்த முறையில் பணம் கட்டினாலும் மொத்தத் தொகை இவ்வளவு." "இத்தொகை கூடினால் அட்வான்ஸ் முழுதும் திருப்பித் தரப்படும்." கையெழுத்தோடு எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பையே பில்லாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் மறுபடி விளம்பரத்தில் வந்திருக்கிறது. விலை 98, அறிக்கையில் அதே "விபத்து இல்லை". வெள்ளை ஹேட்ச்பேக் ஒன்றை யாராவது பார்க்கப் போனால், வலது முன் கதவின் கீழ்ப்பகுதியை அளந்து பாருங்கள், நிரந்தரப் பிழைப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள்.